140 ரூபாய் ஆர்டர்

திருப்பூரில் நான் கணக்குப் பார்க்கும் சின்ன பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு நாள் மாலை போன் வந்தது. முதலாளிக்குக் குரலில் சலிப்பு. "சார், ஒடிசாக்காரர் ஒருத்தர் மூவாயிரம் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் கேக்கறாருங்க. நூத்தி நாப்பதுக்கு மேல ஒரு ரூபா தரமாட்டேங்கறார். நமக்கே நூத்தி அம்பத்தொண்ணு அடக்கமாகுது. விட்டரலாமுங்களா?"

விட வேண்டாம், நாளைக்கு நேரில் வருகிறேன் என்றேன். மறுநாள் அவருடைய மேஜையில் ஒரு தாளை வைத்துப் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. பாடப்புத்தகத்தில் 'இறுதிநிலை அடக்கவியல்' என்றும், கல்லூரிப் பேச்சில் மார்ஜினல் காஸ்ட்டிங் என்றும் சொல்வது இதைத்தான். சூத்திரங்கள் ஏழெட்டுதான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்பதில்தான் தேர்வெழுதும் பிள்ளைகளும் தொழில் செய்பவர்களும் தடுமாறுகிறார்கள். தொகைகளைப் பின்தொடர வசதியாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை.

அவர் சொன்ன 151 ரூபாய் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். மாதம் 16,000 பீஸ் தைக்கிறார். ஒரு பீஸுக்குத் துணி 200 கிராம். சாயமேற்றி காம்பாக்டிங் முடிந்த துணி கிலோ 480 ரூபாய் என்றால் 96 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் பீஸ் ரேட்டில் 16 ரூபாய். நூல், லேபிள், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி 6 ரூபாய். மின்சாரம் 2 ரூபாய். ஆக 120. இதற்கு மேல் மாதம் 5 லட்சம் ரூபாய் எப்படியும் போகிறது: வாடகை 90,000, மாதச் சம்பளக்காரர்கள் 2,48,000, கடன் வட்டியும் மெஷின் தேய்மானமும் 1,10,000, மின்சாரத்தில் நிலையான பகுதி 22,000, மற்றவை 30,000. இந்த 5 லட்சத்தை 16,000 பீஸால் வகுத்தால் 31 ரூபாய் 25 காசு. 120-உடன் கூட்டினால் 151 ரூபாய் 25 காசு. அவர் வழக்கமாக விற்பது 160-க்கு.

கூட்டல் சரிதான். ஆனால் அந்த 31 ரூபாய் 25 காசு எந்த டி-ஷர்ட்டுக்குள்ளும் இல்லை. 16,000 என்ற எண்ணால் வகுத்ததால் வந்த தொகை அது. 12,500 பீஸ் தைத்தால் அதே டி-ஷர்ட்டின் அடக்கம் 160 ஆகிவிடும். 20,000 தைத்தால் 145. துணி மாறவில்லை, கூலி மாறவில்லை, வகுக்கும் எண் மட்டும் மாறியிருக்கிறது. மாதம் எத்தனை பீஸ் ஓடும் என்பதே கேள்வியாக இருக்கும்போது, அதற்கு ஒரு பதிலை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போட்ட அடக்கத்தை வைத்து முடிவெடுப்பது வட்டத்தில் சுற்றுவது போல.

ஆகவே முதல் வேலை, செலவை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பீஸ் கூடினால் கூடுவது மாறும் செலவு. கூடினாலும் குறைந்தாலும் அப்படியே நிற்பது நிலைச் செலவு. துணியையும் வாடகையையும் பிரிக்கச் சிரமமில்லை. மின்சாரம் போன்றவை இரண்டும் கலந்தவை. அவற்றுக்கு ஒரு வழி உண்டு. உற்பத்தி அதிகமான மாதத்தையும் குறைவான மாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பீஸுக்கு மாறும் பகுதி = செலவில் உள்ள வித்தியாசம் ÷ பீஸில் உள்ள வித்தியாசம்

இவருக்கு 10,000 பீஸ் தைத்த மாதம் மின்கட்டணம் 42,000. 16,000 தைத்த மாதம் 54,000. வித்தியாசம் 12,000 ரூபாய், 6,000 பீஸ். ஆக பீஸுக்கு 2 ரூபாய். 16,000 பீஸுக்கு 32,000 போக மீதி 22,000 நிலையானது. இந்த வழி இரண்டே மாதங்களை நம்பியிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றில் ஜெனரேட்டர் அதிகம் ஓடியிருந்தாலோ, இடையில் கட்டண விகிதம் மாறியிருந்தாலோ விடை கெட்டுவிடும். மூன்றாவதாக ஒரு மாதத்தை எடுத்துச் சோதித்துவிடுவது நல்லது: 13,000 பீஸ் தைத்த மாதத்தில் கட்டணம் 48,000-க்குப் பக்கத்தில் இருந்தால் பிரித்தது சரி.

இதைவிடப் பெரிய தவறு கூலியில் நடக்கிறது. எல்லாப் புத்தகங்களும் நேரடிக் கூலியை மாறும் செலவு என்றே போட்டுவிடும். பீஸ் ரேட்டில் அது உண்மை. ஷிப்ட் சம்பளத்தில் ஆள் வைத்திருந்தால், எட்டு மணி நேரத்தில் அவர் 60 பீஸ் தைத்தாலும் 80 பீஸ் தைத்தாலும் கொடுப்பது ஒரே தொகை. கை காலியாக இருக்கும் நேரத்தில் தைக்கிற கூடுதல் பீஸுக்குக் கூலி பூஜ்யம். ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வேண்டி வந்தால் திடீரென்று கூடும். செலவின் பெயரைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, பீஸுக்கா நாளுக்கா என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பிரித்த பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் தாய் போன்ற சூத்திரம் வருகிறது.

பங்களிப்பு = விற்பனை − மாறும் செலவு = நிலைச் செலவு + லாபம்

160-இல் 120 போனால் பீஸுக்கு 40. ஒவ்வொரு டி-ஷர்ட்டும் இந்த 40 ரூபாயைக் கொண்டுவந்து ஓர் உண்டியலில் போடுகிறது. உண்டியலிலிருந்து முதலில் 5 லட்சம் நிலைச் செலவுக்குப் போகிறது. அது நிரம்பிய பிறகு விழுவதெல்லாம் லாபம். 16,000 பீஸில் 6,40,000 சேருகிறது. லாபம் 1,40,000.

இப்போது ஒடிசாக்காரரின் 140 ரூபாயைப் பாருங்கள். மெஷின்களால் மாதம் 20,000 பீஸ் தைக்க முடியும். 4,000 பீஸுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் 3,000 பீஸ் தைத்தால் வாடகையும் கூடாது, சூப்பர்வைசர் சம்பளமும் கூடாது. பீஸுக்கு 20 ரூபாய் உண்டியலில் விழும், மொத்தம் 60,000. இந்த ஆர்டருக்கென்றே பிரிண்டிங் ஸ்க்ரீன், மாதிரி பீஸ் எல்லாம் சேர்த்து 9,000 செலவு. மீதி 51,000. பீஸுக்கு 11 ரூபாய் நஷ்டம் என்று அவர் தள்ள இருந்த ஆர்டர், மாத லாபத்தை 1,40,000-இலிருந்து 1,91,000 ஆக்குகிறது.

குறைந்தபட்ச விலை = மாறும் செலவு + (அந்த ஆர்டருக்கான தனிச் செலவு + கைவிடும் பங்களிப்பு) ÷ பீஸ்

இங்கே கைவிடுவது எதுவுமில்லை. எனவே 120-உடன் 3 ரூபாய் சேர்த்து 123. அதற்குக் கீழே போனால்தான் நஷ்டம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மூன்று மாதக் கடனுக்குக் கேட்டால், 3,60,000 ரூபாய் சரக்கு வெளியே நிற்கும். 12 சதவீத வட்டியில் அது 10,800. பீஸுக்கு 3 ரூபாய் 60 காசு. அதுவும் இந்த ஆர்டரின் செலவுதான். இவர் ரொக்கத்துக்கே பேசியிருந்தார்.

முதலாளி முகம் மலர்ந்தது. "அப்பறம் என்னங்க, அவரே ஆறாயிரம் பீஸ்கூடத் தர்றேன்னாரு, வாங்கிக்கலாமே" என்றார். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலி இடம் 4,000-க்குத்தான். மீதி 2,000-ஐத் தைக்க, 160 கொடுத்து வாங்கும் வழக்கமான கடைக்காரர்களின் 2,000 பீஸை நிறுத்த வேண்டும். அந்த 2,000 பீஸும் தந்திருக்கும் 80,000 ரூபாய் பங்களிப்பு போய்விடும். கணக்கு இப்படி ஆகிறது: 6,000 பீஸுக்கு 1,20,000 வருகிறது, அதில் 80,000-உம் ஸ்க்ரீனுக்கு 9,000-உம் போக நிற்பது 31,000. மூவாயிரம் பீஸ் ஆர்டர் 51,000 தந்தது. இருமடங்கு ஆர்டர் அதைவிடக் குறைவாகத் தருகிறது. குறைந்தபட்ச விலையும் 123-இலிருந்து 134 ரூபாய் 83 காசுக்கு ஏறிவிடுகிறது. சரியாக 4,000 பீஸ் என்றால் 71,000. காலி இடம் தீரும் புள்ளிவரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறொரு கணக்கு.

இரண்டாவது ஆபத்தும் உண்டு. அந்த 140 ரூபாய் சரக்கு சுற்றிவந்து காதர்பேட்டை மொத்தக் கடைகளில் விழுந்தால், வழக்கமான வாடிக்கையாளர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பீஸுக்கு 4 ரூபாய் மட்டும் குறைக்கச் சொன்னாலே 16,000 பீஸில் மாதம் 64,000 போகும். ஆர்டர் தந்த 51,000 ஒரு முறை வருவது. இந்த இழப்பு மாதாமாதம். ஆகவே கடைசியில் 4,000 பீஸ், வாங்குபவரின் லேபிளில், ஒடிசாவில் மட்டும் விற்பது என்று பேசி முடித்தார்கள். சூத்திரம் இந்த நிபந்தனையைச் சொல்லாது. ஆனால் நிபந்தனை இல்லாமல் சூத்திரத்தைப் போட்டால் விடை தவறிவிடும்.

அடுத்து வருவது, எத்தனை விற்றால் தப்பிப்போம் என்ற கேள்வி. அதற்குச் சமநிலைப் புள்ளி.

சமநிலைப் புள்ளி (பீஸில்) = நிலைச் செலவு ÷ ஒரு பீஸ் பங்களிப்பு
சமநிலைப் புள்ளி (ரூபாயில்) = நிலைச் செலவு ÷ லாப அளவு விகிதம்
லாப அளவு விகிதம் = பங்களிப்பு ÷ விற்பனை

5 லட்சத்தை 40-ஆல் வகுத்தால் 12,500 பீஸ். விகிதம் 160-இல் 40, அதாவது 25 சதவீதம். எனவே ரூபாயில் 20 லட்சம். ஒரே வகைச் சரக்கு தைப்பவருக்குப் பீஸ் சூத்திரம் போதும். பல வகைச் சரக்கு விற்கும் மளிகைக் கடைக்கோ ஜவுளிக் கடைக்கோ "எத்தனை பீஸ்" என்ற கேள்விக்கே பொருளில்லை. அங்கே ரூபாய்ச் சூத்திரம்தான். ஆனால் எந்தச் சரக்கு எவ்வளவு விற்கிறது என்ற கலவை மாறினால் விகிதமும் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். செலவுப் பிரிப்பே தெரியாத, இரண்டு வருட விற்பனையும் லாபமும் மட்டும் கையில் இருக்கும் நிலையில், லாப வித்தியாசத்தை விற்பனை வித்தியாசத்தால் வகுத்தால் அதே விகிதம் கிடைக்கும். தேர்வில் இந்த வகைக் கணக்கு அடிக்கடி வரும். விலையும் நிலைச் செலவும் இரண்டு வருடமும் மாறாமல் இருந்தால் மட்டுமே அது செல்லும். குறிப்பிட்ட லாபம் வேண்டுமென்றால் அதை நிலைச் செலவோடு கூட்டிவிட்டு வகுத்தால் போதும்: மாதம் 2 லட்சம் லாபத்துக்கு 7 லட்சம் ÷ 40, அதாவது 17,500 பீஸ்.

சமநிலைப் புள்ளியைவிட அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாதுகாப்பு எல்லை = நடப்பு விற்பனை − சமநிலை விற்பனை = லாபம் ÷ லாப அளவு விகிதம்

16,000-இல் 12,500 போக 3,500 பீஸ். 5,60,000 ரூபாய் விற்பனை. அதில் 25 சதவீதம் 1,40,000, அதாவது முழு லாபமும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கில் பிழையில்லை. இந்த எல்லை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைத் திருப்பூர் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து பனியன் கம்பெனிகள் வேலைநிறுத்தம் செய்தன. வெளியூர்க்காரர்களுக்கு அது மிகையாகத் தெரிந்திருக்கலாம். நம் கணக்கில் துணி கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியதாக வைத்துப் பாருங்கள். பீஸுக்கு 8 ரூபாய்தான். விற்பனை விலையில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் பங்களிப்பு 40-இலிருந்து 32 ஆகிறது. சமநிலைப் புள்ளி 15,625 பீஸுக்குத் தாவுகிறது. 16,000 பீஸ் விற்றும் லாபம் 12,000 மட்டுமே. ஆர்டர் எடுத்த நாளில் பேசிய விலையைக் கூட்ட முடியாதவருக்கு, துணியில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் நேரே பங்களிப்பிலிருந்துதான் போகிறது.

இனி, எதைத் தைப்பது என்ற கேள்வி. போலோ காலர் சட்டைக்கும் ஆர்டர் இருக்கிறது; அதில் பங்களிப்பு 66 ரூபாய். 40-ஐவிட 66 பெரிது, போலோதான் என்று முதலாளியின் மகன் சொன்னார். கல்லூரியில் காமர்ஸ் படித்தவர். இரண்டுக்கும் வேண்டிய ஆர்டர் இருந்து, எல்லாவற்றையும் தைக்க வசதியும் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, இரண்டையும் தைக்கலாம். ஏதோ ஒன்று போதாதபோதுதான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போதாத பொருள்தான் கணக்கை நடத்துகிறது.

தரவரிசை = ஒரு பீஸ் பங்களிப்பு ÷ ஒரு பீஸுக்குத் தேவைப்படும் பற்றாக்குறைப் பொருள்

தையல் மெஷின் நேரம் போதவில்லை என்று கொள்வோம். டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம். காலரும் பட்டன் பட்டியும் இருப்பதால் போலோவுக்கு 15 நிமிடம். நிமிடத்துக்கு டி-ஷர்ட் 5 ரூபாய் தருகிறது, போலோ 4 ரூபாய் 40 காசு. மாதத்தில் உள்ள 1,60,000 நிமிடத்தையும் டி-ஷர்ட்டுக்கே கொடுத்தால் 8 லட்சம் பங்களிப்பு. போலோவுக்கே கொடுத்தால் சுமார் 7,04,000. இப்போது நிலைமையைத் திருப்புங்கள். மெஷின் நேரம் தாராளம், நூல் தட்டுப்பாட்டால் துணிதான் கிடைக்கவில்லை. டி-ஷர்ட்டுக்கு 200 கிராம், போலோவுக்கு 240 கிராம். கிலோவுக்கு டி-ஷர்ட் 200 ரூபாய் தருகிறது, போலோ 275. வெற்றி இடம் மாறிவிட்டது. அதே கம்பெனி, அதே இரண்டு சட்டை, ஜனவரியில் ஒன்று மேல், மே மாதத்தில் மற்றது மேல். எது போதவில்லை என்பதை மாதாமாதம் தளத்தில் நின்று பார்க்க வேண்டும்: கட்டிங் முடிந்த கட்டுகள் தையல் லைனுக்கு முன்னால் குவிந்து கிடந்தால் மெஷின் நேரம் போதவில்லை, தையல்காரர்கள் துணிக்காகக் காத்திருந்தால் துணி போதவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் போதவில்லை என்றால் இந்த எளிய வகுத்தல் நிற்காது. நேர்கோட்டுத் திட்டமிடல் என்ற கணித முறைக்குப் போக வேண்டும்.

ஆர்டர் வறண்ட மாதத்தில் கம்பெனியை மூடி வைக்கலாமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூடினால் 5 லட்சமும் நின்றுவிடாது. வாடகை, வட்டி, முக்கியமான ஆட்களின் சம்பளம் எல்லாம் ஓடும். இவருக்கு மூடினால் மிச்சமாவது 1,50,000-தான்.

மூடும் புள்ளி = மூடினால் மிச்சமாகும் நிலைச் செலவு ÷ ஒரு பீஸ் பங்களிப்பு

1,50,000 ÷ 40 = 3,750 பீஸ். எனவே 6,000 பீஸ் ஆர்டர் உள்ள மாதத்தில் ஓட்டினால் நஷ்டம் 2,60,000. மூடினால் நஷ்டம் 3,50,000. சமநிலைப் புள்ளியான 12,500-ஐ எட்டவில்லை என்பதற்காக மூடியிருந்தால் 90,000 கூடுதலாகப் போயிருக்கும். மூடிய ஒரு மாதத்தில் தையல்காரர்கள் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விட்டால் திரும்ப ஆள் பிடிக்கும் செலவு தனி.

இந்தச் சூத்திரங்கள் செல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்தாண்டுக்கு என்ன விலை வைப்பது என்ற கேள்விக்கு இவை உதவாது. அந்தக் காலத்துக்குள் வாடகை ஒப்பந்தம் முடியும், மெஷின் மாற்ற வேண்டும்; எதுவும் நிலையானதில்லை. அங்கே முழு அடக்கமும் தேவை. எல்லா ஆர்டரையும் 140-க்கு எடுத்தால் 20,000 பீஸ் தைத்தும் பங்களிப்பு 4 லட்சம். நிலைச் செலவுக்கே 1 லட்சம் துண்டு விழும். 20,000 பீஸுக்கு மேல் போக இன்னொரு லைன் போட்டால் நிலைச் செலவே ஒரு படி ஏறிவிடும். பழைய 5 லட்சத்தை வைத்துப் போட்ட எதுவும் அதன்பின் பொருந்தாது.

கடைசியாக, வங்கிக்குக் கொடுக்கும் கணக்கு. ஒரு மாதம் அவர் 20,000 பீஸ் தைத்து 16,000 விற்றார். மகன் போட்ட கணக்கில் லாபம் 2,40,000. நான் போட்டதில் 1,40,000. 5 லட்சமும் உற்பத்தியைச் சேர்ந்தது என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், முழு அடக்க முறையில் பீஸுக்கு 25 ரூபாய் நிலைச் செலவு ஏறுகிறது. விற்காத 4,000 பீஸோடு சேர்ந்து 1 லட்சம் குடோனுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. செலவாகக் காட்டப்படாததால் லாபமாகத் தெரிகிறது.

லாப வித்தியாசம் = கையிருப்பு மாறிய பீஸ் × ஒரு பீஸ் நிலைச் செலவு

ஜோனாதன் ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணக்காளர் 1936-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் பேசியது: விற்பனை ஏறிய மாதத்தில் லாபம் ஏன் குறைந்து தெரிகிறது என்று முதலாளி கேட்டால் என்ன பதில் சொல்வது? உற்பத்தி குறைந்து பழைய கையிருப்பு விற்றுப் போயிருக்கும். முன்பு குடோனில் உட்கார்ந்த நிலைச் செலவு அந்த மாதத்தில் வெளியே வந்திருக்கும். வெளியே தரும் ஆண்டுக் கணக்கில் கையிருப்பை மாறும் செலவில் மட்டும் காட்ட முடியாது. இந்தியக் கணக்கியல் தரநிலை 2, உற்பத்தியின் நிலைச் செலவையும் வழக்கமான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்துச் சேர்க்கச் சொல்கிறது. எனவே வங்கிக்கு மகனின் முறையில் ஒரு தாள், ஆர்டர் பேசும் மேஜைக்கு என் முறையில் ஒரு தாள் என்று முடிவு செய்தோம். இரண்டுக்கும் இடையிலுள்ள 1 லட்சம் 4,000 பீஸ் × 25 ரூபாய்தான் என்று மகனே பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தார்.